பாலிசி காலாவதியான காரை ஏன் படம் பிடிக்கிறார்கள்?

1991 டிசம்பர் 10, பிற்பகல் 2.20 மணிக்கு ஒரு வண்டி விபத்தில் சிக்கியது. அதே நாள் 2.55 மணிக்கு அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டது. நடுவில் 35 நிமிடம். நஷ்டஈட்டை வண்டி உரிமையாளர் தருவதா, இன்ஷூரன்ஸ் நிறுவனம் தருவதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

பாலிசி எடுத்த தேதிக்கு முந்தைய நள்ளிரவிலிருந்தே பாதுகாப்பு தொடங்கிவிடும் என்று 1990-ல் அதே நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கும் வாதாடினார்கள். ஆனால் இந்த ஆவணத்தில் மணியும் நிமிடமும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. நேரம் குறிப்பிட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது; நிறுவனம் தப்பியது. இன்று உங்கள் கைக்கு வரும் மோட்டார் பாலிசியில் தொடங்கும் தேதியோடு மணியும் அச்சாகியிருப்பதை இந்த வழக்கை நினைத்துக்கொண்டு பார்க்கலாம்.

முதலில் இடி, பிறகு பாலிசி. மோட்டார் இன்ஷூரன்ஸ் தொழிலின் நிரந்தர பயம் இதுதான். பாலிசி முடியும் முன்பே புதுப்பிப்பவரிடம் இந்த பயத்துக்கு இடமில்லை. நேற்று கார் இடிபட்டிருந்தாலும் நேற்றைய பாலிசி இருக்கிறது. நாளை இடிபட்டால் நாளைய பாலிசி இருக்கிறது. அதனால் காரை யாரும் பார்க்கக் கேட்பதில்லை. நடுவில் ஒரே ஒரு நாள் விடுபட்டுப்போனால் கதை மாறுகிறது. அந்த ஒரு நாளில் பம்பர் நொறுங்கியிருக்கலாம், அதனால்தான் இப்போது அவசரமாகப் பணம் கட்ட வருகிறார் என்று நினைக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பத்து வருடம் ஒரு கிளைம்கூட வாங்காதவரும் அந்த நிமிடத்தில் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்தான். ஏஜென்ட்கள் இதை 'பிரேக்-இன் கேஸ்' என்பார்கள்.

சலுகை நாள் கிடையாது

ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் கட்ட 15 நாளோ 30 நாளோ சலுகைக் காலம் உண்டு. அந்தப் பழக்கத்தில் பலர் கார் பாலிசிக்கும் அப்படி ஏதோ இருக்கும் என்று நம்புகிறார்கள். இல்லை. 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் எந்த நிறுவனமும் பொறுப்பை ஏற்கக் கூடாது என்கிறது. பாலிசியில் 'இரவு 11.59 வரை' என்று இருந்தால், நள்ளிரவு தாண்டியதும் அந்தக் காருக்குக் காப்பீடு இல்லை. கொடுத்த செக் திரும்பி வந்து பாலிசி ரத்தானாலும் இதே நிலைமைதான். அதுவும் இடைவெளியாகவே கணக்கில் சேரும்.

குழப்பத்தைக் கூட்டுவது இன்னொரு விஷயம். 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று நாம் சொல்வது இரண்டு பாதுகாப்புகளின் கூட்டு. நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதத்துக்கு தேர்ட் பார்ட்டி. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு ஓன் டேமேஜ். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புது கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்கும், புது டூவீலருக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டி எடுத்தாக வேண்டும். ஓன் டேமேஜ் மட்டும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதாகவே இருக்கிறது.

இதனால் முதல் வருடம் முடிந்து ஓன் டேமேஜ் காலாவதியானாலும், சாலையில் போலீஸ் நிறுத்திச் சோதித்தால் காருக்கு இன்ஷூரன்ஸ் இருப்பதாகவே காட்டும். அபராதம் இல்லை, எச்சரிக்கை இல்லை. 'இன்ஷூரன்ஸ் இருக்கே' என்று உரிமையாளர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். தூணில் உரசிய அன்றுதான் உண்மை தெரியும்.

தேர்ட் பார்ட்டியும் முடிந்துவிட்டால் ஆபத்தின் அளவே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-ஆம் பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. இந்த அபராதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அது சில்லறை. காப்பீடில்லாத வண்டி ஒரு உயிரை எடுத்துவிட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதும் உரிமையாளரின் வீடு, நிலம், சம்பளத்தின் மேல் வந்து விழும்.

சத்தமில்லாமல் போகும் பணம்

கிளைம் எடுக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழிவு உண்டு. என்சிபி என்று எல்லோரும் அறிந்த அந்தக் கழிவு 20 சதவிகிதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50-ஐத் தொடும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் சேர்த்துவைத்தது நிலைக்கும். 90 தாண்டினால் முழுதும் போய்விடும்; மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,197 சிசி கார். கழிவுக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 முதல் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 2022 ஜூன் முதல் அரசு நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய். 50 சதவிகிதக் கழிவு இருந்தால் 4,000 கூட்டல் 3,416, அதன் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 8,751 ரூபாய். கழிவு போய்விட்டால் அதே காருக்கு 13,471. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் மற்ற கூடுதல் பாதுகாப்புகளையும் இதில் சேர்க்கவில்லை.

'ஒரு வருடம்தானே, 4,720 ரூபாய்தானே' என்று தோன்றும். ஆனால் பழைய 50 சதவிகிதத்தை எட்ட இன்னும் ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்ட வேண்டும். அதுவரை ஒவ்வொரு வருடமும் கிடைத்திருக்க வேண்டிய கழிவில் ஒரு பங்கு விட்டுப்போகும்: முதலில் 50 சதவிகிதம், பிறகு 30, 25, 15, கடைசியில் 5. அடிப்படை பிரீமியம் மாறாது என்று வைத்தால் இந்த ஐந்து வருடத்தில் இழப்பது 10,000 ரூபாய்; வரியோடு 11,800. கார் பழசாக ஆக அதன் மதிப்பு குறையும் என்பதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையலாம். எப்படியானாலும், மறதிக்கு இது பெரிய தொகைதான்.

பொய்யான 'இல்லை'

இணையத்தில் பாலிசி எடுக்கும்போது, 'உங்கள் பழைய பாலிசி காலாவதியாகிவிட்டதா?' என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்றால் ஆய்வுக்கு அனுப்பும்; 'இல்லை' என்றால் நேரே பணம் கட்டும் பக்கம் திறக்கும். இந்த இடத்தில்தான் பலருக்குக் கை தடுமாறுகிறது. சில இடங்களில் அவசரக்கார ஏஜென்டே 'இல்லை' என்று அழுத்திவிடுவதும் உண்டு. பாலிசி உடனே மின்னஞ்சலில் வந்துவிடும். பிரச்னை வருவது கிளைமின்போது.

சர்வேயர் பழைய பாலிசியின் நகலைக் கேட்பார். நிறுவனம் முந்தைய நிறுவனத்திடமும் தரவுத்தளத்திலும் சரிபார்க்கும். முடிந்த தேதிக்கும் புதிய பாலிசியின் தொடக்கத்துக்கும் நடுவே ஓட்டை இருப்பது தெரிந்ததும், தவறான தகவல் தந்து பெற்ற பாலிசி என்று ஓன் டேமேஜ் கிளைமை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். என்சிபி சதவிகிதத்தைக் கூட்டிச் சொன்னாலும் இதே சிக்கல்தான். ஏஜென்ட் அழுத்தினார் என்று சொல்லிப் பயனில்லை. விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கிறது.

ஆய்வில் எதைத் தேடுகிறார்கள்?

ஓன் டேமேஜ் வேண்டுமென்றால்தான் ஆய்வு. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுக்கப் பொதுவாகக் காரைக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் காரின் பம்பர் எந்த நிலையில் இருந்தாலும் எதிரில் வருபவருக்கான பொறுப்பு மாறுவதில்லையே. டூவீலர்களுக்குப் பல நிறுவனங்கள் ஆய்வை விட்டுவிடுகின்றன. அதற்குப் பதிலாக ஓன் டேமேஜ் சில நாள் கழித்தே தொடங்கும் என்று நிபந்தனை போடுபவர்களும் உண்டு. இடைவெளி விழுந்தால் மட்டும்தான் ஆய்வு என்றும் இல்லை. தேர்ட் பார்ட்டியிலிருந்து முழு பாலிசிக்கு மாறும்போதும், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிப் பெயர் மாற்றும்போதும், நடுவில் 'பம்பர் டு பம்பர்' சேர்க்கக் கேட்டாலும் காரைப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

முன்பெல்லாம் ஆள் வந்து பார்த்து, சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துப் போவார். இப்போதும் விலை கூடிய கார்களுக்கும் சந்தேகம் வந்த கார்களுக்கும் ஆள் வருவதுண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் செல்போனுக்கு ஒரு லிங்க் வரும்; அதைத் திறந்து நீங்களே படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். போன் கேலரியில் இருக்கும் பழைய படத்தை ஏற்ற முடியாதபடி அந்தச் செயலிகள் கட்டப்பட்டிருக்கும். எடுத்த நேரமும் இடமும் படத்தோடு பதிவாகும்.

கேட்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நம்பர் பிளேட்டில் தொடங்கிக் காரைச் சுற்றி வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல்வது, பாதியில் வேறு காரைக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஒரே நிறம், ஒரே மாடலில் நல்ல காரை நிறுத்தி நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றி மாட்டுவது பழைய தந்திரம். அதற்குப் பூட்டு சேஸிஸ் நம்பர். அது சில கார்களில் முன் இருக்கைக்கு அடியில் கம்பளத்தை விலக்கினால் தெரியும். சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் இருக்கும். அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். பழைய பாலிசியில் யாரோ ஒரு எழுத்தை மாற்றித் தட்டியிருந்தால் அது இப்போதுதான் வெளிவரும்; முதலில் அதைத் திருத்தாமல் காரியம் நகராது.

கார் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் ஓடோமீட்டரை என்ஜின் ஓடும்போது படமெடுக்கக் கேட்பார்கள். எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றனவா என்பதும், கார் ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும். முன்கண்ணாடியை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் எடுக்க வேண்டும். கண்ணாடி கிளைம் அடிக்கடி வருவது. மயிரிழை விரிசல் வெளியிலிருந்து தெரியாது, உள்ளே உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் தெரியும். அதனால் கண்ணாடியில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். கேஸ் கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்றும் கேள்வி வரும்.

ஆய்வுக்குப் போகும் முன் காரைக் கழுவுங்கள். அழுக்கு மூடிய கதவில் கீறல் இருக்கிறதா இல்லையா என்று அந்தப் பக்கம் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் திருப்பி அனுப்புவார். மழைத்துளி விழுந்த கண்ணாடியும், இரவு விளக்கின் பளபளப்பும் அப்படித்தான். அடுக்குமாடி அடித்தளத்தில் எடுத்தால் வெளிச்சமும் இருக்காது, சிக்னலும் நடுவில் அறுந்துபோகும். காலை வெயிலில், திறந்த இடத்தில், நான்கு பக்கமும் நடக்க இடம்விட்டு நிறுத்தி எடுப்பதே நல்லது.

பணம் கட்டியாச்சு, பாலிசி வரலை

வேளச்சேரியில் ஒருவருடைய கார் பாலிசி மார்ச் 10 நள்ளிரவோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கவனிப்பது 14-ஆம் தேதி மாலை. உடனே இணையத்தில் பணம் கட்டுகிறார். ஆய்வு லிங்க் வருகிறது. 15-ஆம் தேதி அலுவலகத்தின் அடித்தள பார்க்கிங்கில் வீடியோ எடுக்கிறார். இருட்டு என்று நிராகரிக்கிறார்கள். 16-ஆம் தேதி காலை வீட்டு வாசலில் மறுபடி எடுக்கிறார். பின் பம்பரில் கீறல், முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரல் நீள விரிசல். கீறலைக் குறித்துக்கொள்கிறார்கள், கண்ணாடியை மாற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். 18-ல் புதுக் கண்ணாடி, 19-ல் மறு ஆய்வு, அன்று பிற்பகல் பாலிசி.

நடுவில் 17-ஆம் தேதி சிக்னலில் ஒரு ஆட்டோ இடதுபக்கக் கதவை நெளித்துவிட்டுப் போயிருந்தால்? பணம் 14-ஆம் தேதியே நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது என்றாலும், செலவு அவருடையதுதான். ஆய்வு முடிந்து ஏற்கப்படும் வரை அந்தப் பணம் ஒரு முன்தொகைபோலக் கிடக்கிறது. மறுத்தால் திருப்பித் தருவார்கள். பணம் கட்டிய ரசீதைப் பாலிசி என்று எண்ணிக்கொண்டு வெளியூர்ப் பயணம் கிளம்புபவர்கள் சிக்குவது இங்கேதான். 19-ஆம் தேதி மறு ஆய்வில் அந்தக் கதவு நெளிவும் பதிவாகிவிடும். பிறகு அதற்கு கிளைம் கேட்க முடியாது.

இவர் வேறொன்று செய்திருக்கலாம். 14-ஆம் தேதி இரவே தேர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும் தனியாக எடுத்துவிடுவது. ஆய்வு கிடையாது, சாலையில் ஓட்டும் உரிமையும் மற்றவருக்கான பாதுகாப்பும் அதில் குறித்த நேரத்திலிருந்து கிடைத்துவிடும். பிறகு நிதானமாகக் கண்ணாடியை மாற்றி, ஓன் டேமேஜை மட்டும் தனி பாலிசியாக வாங்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து இப்படிப் பிரித்து எடுக்க வழி இருக்கிறது. வேறு நிறுவனத்திடம்கூட வாங்கலாம். 90 நாளுக்குள் என்பதால் என்சிபியும் பத்திரமாக இருக்கும். ஆய்வுக்கு நாளாகும் என்று தெரிந்தால் இதுவே புத்திசாலித்தனம் என்பேன். எந்த விற்பனைப் பக்கமும் இதைத் தானாக முன்வந்து சொல்வதில்லை.

ஆய்வு அறிக்கைக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக ஓரிரு நாளுக்குள் பாலிசி வழங்கப்பட வேண்டும். தாமதமானால் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள். இது அவர்கள் பக்கத்தில் நியாயமான நிபந்தனைதான். திங்கட்கிழமை எடுத்த படம் வெள்ளிக்கிழமை காரின் நிலைக்குச் சாட்சியாகாது.

குறித்துவைத்த கீறல்

சின்னக் கீறல்களுக்காக யாரும் பாலிசியை மறுப்பதில்லை. எந்தெந்த பாகம் நன்றாக இருக்கிறது, எதில் கீறல், எதில் நெளிவு, எது உடைந்தது என்று அறிக்கையில் தனித்தனியாக எழுதுவார்கள். ஏற்கலாம், மறுக்கலாம், மேலதிகாரி பார்க்கட்டும் என்ற மூன்றில் ஒன்று முடிவாக வரும். உடைந்த கண்ணாடி, பெரிய நெளிவு, வெள்ளத்தில் மூழ்கிய அடையாளம் போன்றவை இருந்தால் பழுதுபார்த்து வரச் சொல்வதுதான் வழக்கம்.

சிக்கல் பிறகு வருகிறது. பின் பம்பரில் ஏற்கெனவே கீறல் என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து யாரோ பின்னால் மோதி அந்த பம்பரே பிளந்துவிடுகிறது. 'இது பழைய சேதம்' என்று ஒரே வரியில் முழு பம்பரையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கீறல் வேறு, பிளவு வேறு. பழைய கீறலுக்குரிய பெயின்ட் செலவைக் கழித்துக்கொள்ளலாம். புதிதாக நேர்ந்த உடைசலை மறுக்க அந்தக் குறிப்பு போதாது. இதை வாதாட உங்களிடம் அன்றைய அறிக்கையும் படங்களும் இருக்க வேண்டும். நிறுவனத்துக்குச் சாட்சியாக எடுத்த வீடியோ உங்களுக்கும் சாட்சிதான். லிங்கில் ஏற்றும் அன்றே அதே இடத்தில் உங்கள் போனிலும் தனியாக ஒரு சுற்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி மாற்றியிருந்தால் அந்த பில்லும் கூடவே இருக்கட்டும்.

பாலிசி வந்ததும் நான்கு இடத்தைப் பாருங்கள். ஓன் டேமேஜ் தொடங்கும் தேதியும் மணியும், தேர்ட் பார்ட்டி தொடங்கும் தேதியும் மணியும். இரண்டும் வேறாக இருக்கலாம். அடுத்து என்சிபி சதவிகிதம். பிறகு, ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயமாகக் கழித்துக்கொள்ளும் தொகை. 1,500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும்தான் வழக்கம். பிரேக்-இன் காரணமாகக் கூடுதலாக ஏதாவது சுமத்தியிருந்தால் அது இங்கே தெரியும். கடைசியாக, போன வருடம் இருந்த 'பம்பர் டு பம்பர்' இந்த வருடம் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி விழுந்த கார்களுக்கு, அதுவும் கொஞ்சம் வயதான கார்களுக்கு, சில நிறுவனங்கள் அதைத் தருவதில்லை.

பழைய சேதம் என்று சொல்லி கிளைம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மனுவோடு ஆய்வு அறிக்கை, அன்று எடுத்த படங்கள், பழைய பாலிசி, புதிய பாலிசி, கிளைமை மறுத்த கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.